ரிட்டர்ன் அனுப்பிய பொருளைத் தர சோதனையில் நிராகரித்துவிட்டார்களா? காசைத் திரும்பக் கேட்கும் முறை

ஒட்டுசுட்டானில் இருக்கும் சித்தப்பா இணையக் கடை ஒன்றில் 14,500 ரூபாவுக்கு ஒரு தண்ணீர் மோட்டர் எடுத்தார். கிணற்றில் பூட்டிப் போட்டால் மோட்டர் ஓடுகிறது, ஆனால் மேலே இருக்கிற தொட்டிக்குத் தண்ணீர் நூல் மாதிரித்தான் ஏறுகிறது. செயலியில் ரிட்டர்ன் போட்டார், கூரியர் வந்து எடுத்துப் போனது. அதற்குப் பிறகு Return Rejected என்று ஒரு வரி வந்தது. காசு வரவில்லை, மோட்டர் மட்டும் திரும்பி வரப்போகிறது என்றார்கள். அதை எதிர்த்துக் காசை எடுத்த வழிதான் இது. ரிட்டர்ன் எப்படிப் போடுவது, பார்சலை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. எதை வைத்து நிராகரித்தார்கள் என்று முதலில் பாருங்கள்

"தர சோதனையில் தோல்வி" என்பது காரணம் ஆகாது. அதற்குள்ளே ஒரு குறிப்பு இருக்கும். செயலியில் அந்த ஓடரைத் திறந்து ரிட்டர்ன் விபரத்துக்குப் போய்க் கடைசி வரைக்கும் கீழே தள்ளிப் பாருங்கள். சித்தப்பாவுடையதில் இரண்டு காரணம் இருந்தது. ஒன்று No Fault Found, அதாவது பழுது எதுவும் காணப்படவில்லை. மற்றது, உள்ளே ஈரமும் தண்ணீர் அடையாளமும் இருப்பதால் பாவித்த பொருள்.

குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் பகுதிக்கு எழுதி மூன்றைக் கேளுங்கள்: சோதனை அறிக்கை, சோதிக்கும்போது எடுத்த படங்கள், எந்த நிபந்தனையை மீறியதாகச் சொல்கிறார்கள் என்பது. படத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும். படத்தில் இருக்கிற பொருளின் தொடர் இலக்கம் உங்கள் பெட்டியில் இருக்கிற இலக்கம்தானா என்று பாருங்கள். களஞ்சியத்தில் பொருள் மாறிப்போவது நடக்கிற காரியம்.

2. நீங்கள் தெரிவு செய்த காரணமும் அவர்கள் செய்த சோதனையும்

நிறையப் பேர் மாட்டுப்படும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன்.

ரிட்டர்ன் போடும்போது செயலி ஒரு பட்டியல் காட்டும்: வேலை செய்யவில்லை, விபரத்தில் சொன்னது போல இல்லை, பிழையான பொருள் வந்தது, மனம் மாறிவிட்டது. அங்கே நீங்கள் தொட்ட காரணத்தை வைத்துத்தான் களஞ்சியத்தில் சோதிப்பார்கள். "வேலை செய்யவில்லை" என்றால் மின்சாரத்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஓடினால் பழுதில்லை என்று எழுதிவிடுவார்கள். "மனம் மாறிவிட்டது" என்றால் பெட்டி பிரித்திருக்கிறதா, ஒட்டு கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். "விபரத்தில் சொன்னது போல இல்லை" என்றால்தான் விளம்பரத்தையும் பொருளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலை நடக்கும்.

சித்தப்பா தொட்டது "வேலை செய்யவில்லை". தண்ணீர் ஏறவில்லையே, அவர் வேறு எதைத் தொடுவார்? சோதித்தவர் மின்சாரம் கொடுத்தார், மோட்டர் ஓடியது, பழுதில்லை என்று எழுதினார். அவர் எழுதியதும் பொய் இல்லை. ஆகவே "இல்லை, மோட்டர் பழுதுதான்" என்று திரும்பத் திரும்பச் சண்டை பிடித்துப் பயனில்லை. சோதித்த கேள்வியே வேறு என்று காட்ட வேண்டும்.

திரும்பி வந்த மோட்டரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைத் துடைத்துப் பார்த்தபோது விஷயம் வெளித்தது. விளம்பரத்தில் 0.5 குதிரைவலு, 370 வாட், உச்ச உயரம் 30 மீற்றர் என்று போட்டிருந்தார்கள். தகட்டில் இருந்தது 180 வாட், உச்ச உயரம் 18 மீற்றர். ஒரு குதிரைவலு என்பது 746 வாட். அப்படியென்றால் 180 வாட் கால் குதிரைவலு கூட முழுதாக வராது. காசு கொடுத்ததில் பாதி மோட்டர்தான் வந்திருக்கிறது.

இன்னொன்று: தகட்டில் போட்டிருக்கும் உச்ச உயரம் என்பது தண்ணீர் ஏறி நின்றுவிடுகிற உயரம். அந்த உயரத்தில் குழாயில் தண்ணீர் வராது. சித்தப்பா வீட்டில் கிணற்றுத் தண்ணீர் 18 அடி கீழே, தொட்டி 20 அடி மேலே. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 11.6 மீற்றர். குழாயின் வளைவுகளில் இழப்பதையும் சேர்த்தால் 18 மீற்றர் மோட்டருக்கு மிச்சம் அதிகம் இல்லை. 30 மீற்றர் மோட்டர் என்றால் தாராளமாக ஏற்றியிருக்கும். "உங்கள் கிணறு ஆழம்" என்று விற்பனையாளர் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

3. ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள், விளம்பரத்தை முதலில்

முறைப்பாடு போனதும் சில விற்பனையாளர்கள் விளம்பரத்தைத் திருத்திவிடுவார்கள். 370 வாட் என்று இருந்தது அடுத்த நாள் 180 என்று இருக்கும். எனவே வேறு எதற்கும் முன்னால் பொருளின் பக்கத்தை பீடிஎஃப் ஆகச் சேமியுங்கள். போனில் குரோம் உலாவியில் பகிர்தலுக்குப் போய் அச்சிடு என்பதைத் தொட்டால் பீடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். திரைப் படத்தை விட எனக்கு இதுதான் பிடிக்கும், பக்கத்தின் முகவரியும் திகதியும் அதில் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஏற்கெனவே திருத்திவிட்டார்கள் என்றால் ஓடரை உறுதி செய்து வந்த மின்னஞ்சலையும் பற்றுச்சீட்டையும் தேடுங்கள். பொருளின் முழுத் தலைப்பு பெரும்பாலும் அதில் அப்படியே கிடக்கும். எங்களுக்குக் கைகொடுத்ததும் அந்தத் தலைப்புத்தான், அதில் 0.5 குதிரைவலு என்று இருந்தது.

மோட்டர் திரும்பக் கைக்கு வந்ததும் தகட்டைப் பகல் வெளிச்சத்தில், எழுத்து வாசிக்கக்கூடிய அளவுக்குக் கிட்டப் பிடித்து ஒரு படம். மோட்டர் முழுவதும் தெரிய இன்னொரு படம். இரண்டும் ஒரே மோட்டர் என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் இரண்டு.

4. திரும்பி வரும் பார்சலை என்ன செய்வது

"எடுக்காதே, எடுத்தால் ஒத்துக்கொண்டதாகிவிடும்" என்று ஊரில் சொல்வார்கள். நான் எடுக்கச் சொல்வேன். எடுக்காமல் விட்ட பொருளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடலாம் என்று பல தளங்கள் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன. பொருள் கையில் இல்லாமல் பிறகு யாரிடம் எதைக் காட்டுவது? ஆனால் எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கூரியர்காரர் முன்னால் பார்சலின் முகவரித்தாள் தெரியத் தொடங்கி, வெட்டாமல் ஒரே காணொளியாகப் பிரித்து, தொடர் இலக்கம் வரைக்கும் எடுங்கள். அன்றைக்கே "பொருளைப் பெற்றேன், முடிவை ஏற்கவில்லை" என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அதற்குப் பிறகு அதைப் பூட்டிப் பாவிக்கக் கூடாது. ஒரு நாள் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டால் போதும், "பாவித்த பொருள்" என்பது உண்மையாகிவிடும்.

5. மேல்முறையீட்டை எழுதுவது

செயலியில் மேல்முறையீட்டுப் பொத்தான் இருந்தால் அதற்குச் சில நாள்தான் அவகாசம் இருக்கும், முதலில் அதைத் தொடுங்கள். அதோடு மின்னஞ்சலும் போடுங்கள். அரட்டைப் பெட்டியில் கதைப்பதை நான் நம்புவதில்லை. அந்தப் பக்கம் இருப்பவர் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டால் கதைத்ததெல்லாம் போய்விடும். அரட்டையில்தான் கதைக்க வேண்டும் என்றால் முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கோபத்தையும் வீட்டுக் கஷ்டத்தையும் எழுத வேண்டாம். நாங்கள் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

> ஓடர் இலக்கம் … தொடர்பாக. பழுது காணப்படவில்லை என்ற உங்கள் சோதனை முடிவு எனது முறைப்பாட்டுக்குப் பதில் ஆகாது. மோட்டர் ஓடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. விளம்பரத்திலும் உங்கள் மின்னஞ்சலிலும் 0.5 குதிரைவலு என்று உள்ளது. மோட்டரின் தகட்டில் 180 வாட் என்று உள்ளது. படங்களை இணைத்துள்ளேன். விபரத்துக்குப் பொருந்தாத பொருள் என்ற காரணத்தின் கீழ் மீளச் சோதித்து, 14,500 ரூபாவை எனது வங்கிக் கணக்குக்கு அனுப்பவும். தண்ணீர் விடாமல் ஒரு தண்ணீர் மோட்டரைச் சோதிக்க முடியாது. உள்ளே உள்ள ஈரம் அந்த ஒரு சோதனையால் வந்தது.

கடைசி இரண்டு வசனமும் "பாவித்த பொருள்" என்ற காரணத்துக்குப் பதில். பாவித்துப் பார்த்தால் மட்டுமே குறை தெரிகிற பொருள் என்றால், ஒரு தடவை பாவித்ததைக் குற்றமாகச் சொல்ல முடியாது. அதை ஒளிக்காமல் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

6. அதற்கும் மறுத்தால்: 1977

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் அழைப்பு இலக்கம் 1977. ஆனால் அழைத்துச் சொன்னதோடு நிற்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கவனியுங்கள், நிராகரித்த நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து. ஜனவரி 10இல் வாங்கினீர்கள், ரிட்டர்ன், சோதனை, மேல்முறையீடு என்று மார்ச் முடிகிறது என்றால் உங்கள் கையில் மிச்சம் இருப்பது ஏப்ரல் 10 வரைதான். "இன்னும் இரண்டு கிழமை பொறுங்கள்" என்று கடை சொல்லிக்கொண்டே இருந்தால் பொறுத்துக்கொண்டே கடிதத்தையும் கொடுத்துவிடுங்கள். பிறகு கடை காசைத் தந்துவிட்டால் முறைப்பாட்டை விலக்கிக்கொள்ளலாம்.

கடிதத்தை மாவட்டச் செயலகத்தில் இருக்கும் அதிகார சபை அலுவலகத்தில் நேரே கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். யார்மீது என்ற இடத்தில் விற்பனையாளரின் பெயரையும் தளத்தை நடத்தும் நிறுவனத்தின் பெயரையும் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் மற்றதன் பக்கம் கையைக் காட்டுவார்கள். விசாரணைக்குப் பிறகு பொருளை மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பவோ நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிட அதிகாரம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. மின்னஞ்சலும் திரைப் படமும் ஆதாரமா என்று யாரும் கேட்டால், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணு கொடுக்கல் வாங்கல் சட்டம் இருக்கிறது, மின்னணுப் பதிவு என்பதற்காக மட்டும் ஒதுக்க முடியாது.

எங்களுக்கு அங்கே வரை போகத் தேவை வரவில்லை. கடிதத்தை எழுதி, அதன் படத்தை மேல்முறையீட்டு மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பிய பிறகு முடிவை மாற்றினார்கள். காசு முழுதாக வந்தது, கூரியர் செலவு மட்டும் வரவில்லை.

பின்சேர்க்கை: இதை வாசித்துவிட்டுக் கேட்டவர்களுக்காக இரண்டு விஷயம்.

காசுக்குப் பதிலாகச் செயலிக்குள் செலவழிக்கும் வவுச்சர் தந்தார்கள் என்று புதுக்குடியிருப்பிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பொருள் வரும்போது கையில் காசு கொடுத்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது, வங்கிக் கணக்கு இலக்கம் பதிவில் இல்லாவிட்டால் அப்படித்தான் போகும். வவுச்சரைத் தொடாமல் வைத்துக்கொண்டு, கணக்கு இலக்கத்தைச் சேர்த்து மாற்றித் தரச் சொல்லி எழுதுங்கள். ஒரு ரூபா செலவழித்தாலும் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிடுவார்கள்.

விற்பனையாளர் வெளிநாடு என்றால் அதிகார சபையால் அவரைப் பிடிப்பது கஷ்டம். அட்டையில் கட்டியிருந்தால் உங்கள் வங்கிக்குப் போய் அந்தக் கொடுப்பனவுக்கு ஆட்சேபப் படிவம் கேளுங்கள். அங்கேயும் காரணப் பட்டியல் ஒன்று வரும், அதில் "விபரத்துக்குப் பொருந்தவில்லை" என்பதைத் தெரிவு செய்யுங்கள். வங்கிக்கு வங்கி காலக்கெடு வேறு, ஆகவே கடை மறுத்த கிழமையே போய்விடுங்கள். கையில் காசு கொடுத்து வாங்கியதற்கு இந்த வழி கிடையாது.