“ஏன் பத்து இல்லை?” என்று கேட்காதீர்கள்: பள்ளி ஆலோசகர் இருபது நிமிடத்தில் சறுக்கும் இடங்கள்

ஒரு மாணவியை மொத்தம் மூன்று முறைதான் பார்க்க முடியும், ஒவ்வொரு முறையும் ஒரு பீரியடில் பாதிதான் கிடைக்கும். பெரும்பாலான பள்ளிகளில் ஆலோசகரின் நிலைமை இதுதான். இந்த நெருக்கடிக்குப் பொருந்துகிற ஒரு முறை தீர்வை மையப்படுத்திய உரையாடல். ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் 1978-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொடங்கிய மையத்தில் இது உருவானது. பிரச்சினையின் வேரைத் தோண்டுவதை விட்டுவிட்டு, பிரச்சினை இல்லாமலோ குறைவாகவோ இருந்த நேரங்களைத் தேடிப் பிடித்து, அவற்றைப் பெருக்குவது இதன் வழி. கேட்பதற்கு எளிது. நடத்தும்போதுதான் கால் இடறுகிறது, எனக்கும் பலமுறை இடறியிருக்கிறது.

ஒரு மாணவியை வைத்துச் சொல்கிறேன். நான் பார்த்த பல பிள்ளைகளைச் சேர்த்து ஒருத்தியாக்கி, மலர் என்று பெயர் வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழி. பதினொன்றில் ஆங்கிலவழி அறிவியல் பிரிவு. ஒரே மாதத்தில் ஒன்பது நாள் லீவ். “இவளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க மேடம்” என்று வகுப்பாசிரியர் அனுப்பிவைத்தார்.

முதல் தவறு அந்த நாலு நல்ல வார்த்தையில் தொடங்குகிறது. ஆசிரியர் விரும்புவது வருகைப் பதிவு. மலர் விரும்புவது என்ன என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் நாம் வருகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அவள் கண்ணுக்கு நாமும் இன்னொரு ஆசிரியர்தான். நான் கேட்பது இது: “இங்கே வந்து பேசினதுல உனக்கு ஏதோ பிரயோஜனம் இருந்ததுன்னு எதை வெச்சு சொல்லுவே?” மலரின் பதில், “கிளாஸ்ல என்னை எழுப்பி கேள்வி கேட்டா பயப்படக் கூடாது மிஸ்.”

இந்தப் பதிலை அப்படியே இலக்காக எடுத்துக்கொள்வது அடுத்த சறுக்கல். பயப்படக் கூடாது, லீவ் போடக் கூடாது என்பதெல்லாம் இல்லாமையைச் சொல்கின்றன. இல்லாத ஒன்றை யாரும் செய்து பார்க்க முடியாது. “சரி, பயத்துக்குப் பதிலா என்ன இருக்கும்?” என்று கேட்டதும், கொஞ்சம் யோசித்து, “தெரிஞ்ச வரைக்கும் சொல்லிட்டு உட்காருவேன்” என்றாள். இதைச் செய்து பார்க்கலாம், கண்ணால் பார்க்கவும் முடியும்.

அப்புறம் அளவுகோல் கேள்வி. பலரும் அதிகம் கெடுப்பது இதைத்தான். ஒன்று என்பது நிலைமை மிக மோசமாக இருந்தபோது, பத்து என்பது தெரிந்தவரை சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காரும்போது. “இன்னைக்கு நீ எங்கே இருக்கே?” மலர் மூன்று என்றாள். இந்த இடத்தில் நம் வாயில் தானாக வருவது, “ஏன் மூணுதான்? பத்துக்குப் போக என்ன தடை?” அதைக் கேட்ட நொடியில் உரையாடல் குறைகளின் பக்கம் திரும்பிவிடும். மீதி நேரம் முழுக்கத் தடைகளின் பட்டியல்தான் வரும். மார்க் ஷீட்டைப் பார்த்ததும் “மீதி மார்க் எங்கே?” என்று கேட்டுப் பழகிய ஊர் இது, அதனால் நமக்கு இந்தச் சறுக்கல் இன்னும் சுலபம்.

கேட்க வேண்டியது எதிர்த்திசையில்: “மூணா? எப்படி ஒண்ணு இல்லாம மூணு?” மலருக்கு இது புரியவே சற்று நேரம் பிடித்தது. “தெரியல மிஸ்” என்றாள். இந்த ‘தெரியல’வுக்குப் பிறகு நாம் உடனே பேசிவிடுகிறோம். பேசாதீர்கள். மனதுக்குள் மெதுவாகப் பத்து எண்ணுங்கள். பெரும்பாலான பதின்வயதினருக்கு அது மறுப்பு இல்லை, யோசிப்பதற்கு எடுத்துக்கொள்ளும் இடைவெளி. எண்ணி முடித்தும் பதில் வராவிட்டால், “உன் ஃப்ரெண்டைக் கேட்டா என்ன சொல்லுவா?” என்று வேறொருவர் கண் வழியாகக் கேட்கலாம்.

நான் ஏழு எண்ணுவதற்குள் மலர் சொன்னாள்: போன புதன்கிழமை முதல் பீரியட் இயற்பியல், ஆனாலும் வந்தாள். எப்படி? முதல் நாள் ராத்திரி பக்கத்து வீட்டு அக்கா, மறுநாள் பாடத்தில் வரும் பத்து ஆங்கில வார்த்தைகளுக்குத் தமிழில் அர்த்தம் சொல்லியிருந்தார். வகுப்பில் அந்த வார்த்தைகள் வந்தபோது பாடம் பிடிபட்டது. பிரச்சினை குறைவாக இருந்த நேரம், அதாவது விதிவிலக்கு, இதுதான். இதை நானாகக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. நானாக இருந்தால் “தினமும் படிம்மா” என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

இங்கே “வெரி குட்” சொல்லி நகர்ந்துவிடுவதும் தவறுதான். பொதுவான பாராட்டைப் பதின்வயதுப் பிள்ளைகள் நம்புவதில்லை. “அக்காகிட்ட போய் கேட்கணும்னு உனக்கு எப்படித் தோணிச்சு? கேட்கக் கூச்சமா இருக்கலையா?” என்று கேட்டால், அவள் என்ன செய்தாள் என்பதை அவளே சொல்லிக் கேட்பாள். அதன் பிறகுதான் “நாலு ஆனா என்ன வித்தியாசம் தெரியும்?” நாலுதான், பத்து இல்லை. வாரத்தில் இரண்டு நாள் அக்காவிடம் வார்த்தை கேட்பேன் என்றாள்.

அற்புதக் கேள்வியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராத்திரி தூங்கும்போது ஓர் அற்புதம் நடந்து பிரச்சினை தீர்ந்துவிட்டால், காலையில் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பாய் என்பது அந்தக் கேள்வி. இதை அவசரமாகக் கேட்டால் “சாருக்கு டிரான்ஸ்ஃபர் ஆகியிருக்கும்” என்றுதான் பதில் வரும். அங்கேயே நிறுத்தாமல், “சரி, ஆகிடுச்சு. அன்னைக்கு நீ என்ன வேற மாதிரி செய்வே?” என்று தொடர வேண்டும். நேரம் பத்து நிமிடத்துக்கும் குறைவாக இருந்தால் இந்தக் கேள்வியை நான் எடுப்பதே இல்லை.

இரண்டாவது சந்திப்பை “சொன்னதைச் செஞ்சியா?” என்று ஆரம்பித்தால் அது வீட்டுப்பாடச் சோதனை ஆகிவிடும். “போன தடவைக்கு அப்புறம் கொஞ்சமாவது நல்லா போனது எது?” என்று கேட்டேன். மலர், “ஒண்ணுமில்ல மிஸ், இப்ப ரெண்டு” என்றாள். எண் இறங்கினால் நமக்குப் பதற்றம் வரும், உடனே ஆறுதலோ அறிவுரையோ சொல்லத் தோன்றும். இதில் முகமலர்ச்சியைத் திணிப்பதும் தவறு. “கஷ்டமான வாரமா இருந்திருக்கு” என்று ஒத்துக்கொண்டு, “இவ்வளவுக்கும் நடுவுல ஒண்ணுக்கு இறங்காம எப்படிப் பிடிச்சு நிறுத்தினே?” என்று கேட்டேன். அக்கா ஊருக்குப் போய்விட்டாராம். ஆனாலும் வியாழக்கிழமை அவளே அகராதியில் நாலு வார்த்தை பார்த்திருக்கிறாள்.

இந்த முறையையே மூடி வைக்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு. எண் இறங்குவதற்குப் பின்னால் சாக வேண்டும் என்ற எண்ணமோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதோ, வீட்டிலோ வெளியிலோ யாராவது துன்புறுத்துவதோ இருந்தால், அளவுகோலைத் தொடர்வது ஆபத்து. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். இருந்தால் தனியே விடாமல், பெற்றோரையும் மருத்துவரையும் அன்றே சேர்க்க வேண்டும். வீட்டிலேயே ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம். பாலியல் துன்புறுத்தல் என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. அதனால் முதல் சந்திப்பிலேயே “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று முழு வாக்கு கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது சந்திப்பில் மலர் ஐந்து என்றாள். அந்த மாதம் லீவ் மூன்று நாள். நமக்கு இன்னும் இழுத்துவிடலாமே என்று ஆசை வரும். “எத்தனைக்கு வந்தா உனக்குப் போதும்?” என்று கேட்டேன். “ஆறு போதும் மிஸ், பத்து எல்லாம் யாருக்கும் வராது.” கடைசி ஐந்து நிமிடத்தை ஒரே கேள்விக்கு வைத்திருந்தேன்: மறுபடி எண் இறங்க ஆரம்பித்தால் முதலில் உனக்கு எது காட்டிக்கொடுக்கும்?

“ஞாயித்துக்கிழமை ராத்திரியே வயிறு வலிக்கும். அப்ப அக்காவுக்கு மெசேஜ் போட்டுடுவேன்.”