வெள்ளத்துக்கு அப்புறம் சர்வே எடுக்கப் போறீங்களா, கேம்ப்போட நின்னுடாதீங்க

2018 ஆகஸ்ட்ல முல்லைப்பெரியாறு ஷட்டரைத் திறந்தப்போ கேரளாவுல வண்டிப்பெரியாறு பக்கம் ஆத்தோரக் குடும்பங்களை எல்லாம் வெளியேத்தினாங்க, அந்த மாதிரி நேரத்துல எல்லாரும் கேம்ப்புக்குத்தான் போவாங்கன்னு நினைக்காதீங்க, நிறைய பேர் மேட்டுல இருக்கிற எஸ்டேட் லயத்துல அக்கா வீடு, மாமா வீடுன்னு போய் ஒட்டிக்குவாங்க. சர்வே டீம் ஜீப்ல வந்து ஸ்கூல் கேம்ப்ல நாப்பது பேர்கிட்ட கேட்டுட்டுக் கிளம்பிடும். முதல் தப்பே இதுதான்.

சும்மா ஒரு கணக்கு வச்சுப் பாருங்க. இடம்பெயர்ந்தது 600 குடும்பம், கேம்ப்ல 200, சொந்தக்காரங்க வீட்டுல 400. கேம்ப்ல 40 பேரைக் கேட்டா 4 பேர் குடிதண்ணி இல்லைங்கறாங்க, ஏன்னா அங்க டேங்கர் வருது. வெளிய 20 பேரைக் கேட்டா 12 பேர் இல்லைங்கறாங்க. ரெண்டையும் அப்படியே கூட்டினா 60க்கு 16, அதாவது 27 சதவீதம். ஆனா உண்மையான எண்ணிக்கைக்குப் பெருக்கினா கேம்ப்ல 20 குடும்பம், வெளிய 240, மொத்தம் 260, அது 43 சதவீதம். டேங்கர் எங்க போகணும்ங்கற முடிவே மாறிடுது பாருங்க.

வெளிய இருக்கிறவங்க லிஸ்ட் எங்க கிடைக்கும்னா வார்டு மெம்பர், ஆஷா ஒர்க்கர், அங்கன்வாடி டீச்சர், எஸ்டேட் சூப்பர்வைசர், இவங்ககிட்ட ஒரு காலைப் பொழுதுல ஓரளவு தேறிடும். 400 பேர்ல 20 வேணும்னா 1லிருந்து 20க்குள்ள ஒரு நம்பரைச் சீட்டு குலுக்கி எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு இருபதாவது வீடா போங்க. அந்த வீடு தேயிலைக்காட்டு உச்சியில இருக்குன்னு ரோட்டோர வீட்டை மாத்திக்கிட்டா அவ்வளவுதான், தண்ணி போகாத வீடே அந்த உச்சி வீடுதானே. நேரம் இல்லைன்னா வீட்டு எண்ணிக்கையைக் குறைங்க, கேள்வியையும் பத்து பதினஞ்சோட நிறுத்துங்க, ஆனா வீட்டை மட்டும் நீங்களா தேர்ந்தெடுக்காதீங்க. இருபது வீட்டை வச்சு வர்ற சதவீதம் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், அதனால ரிப்போர்ட்ல 43.3னு எழுதாம "பத்துல நாலு குடும்பம் போல"ன்னு எழுதுங்க.

கேம்ப்லயும் எந்த நேரத்துல போறோம்ங்கறது முக்கியம். பகல்ல எல்லாரும் வீட்டுச் சேறு கழுவப் போயிருப்பாங்க, பெரியவங்களும் குழந்தைங்களும்தான் இருப்பாங்க, சாயங்காலம் போனா ஆள் இருக்கும். வீட்டு ஆம்பளையை மட்டும் கேட்டா அரிசி, பாய், போர்வையோட முடிஞ்சிடும், ராத்திரி லைட் இல்லாம கக்கூஸ் போக முடியல, நாப்கின் இல்லைங்கறதெல்லாம் ஒரு பொண்ணு தனியா உக்காந்து கேட்டாத்தான் வாயில வரும், அதையும் தமிழ்ல கேக்கணும், எஸ்டேட் லயத்துல மலையாளத்துல கேட்டா பல பாட்டிங்க "ஆமா"ன்னு மட்டும் சொல்லிட்டு விட்டுடுவாங்க.

பேர் எழுதினா பணம் வரும்னு நம்புவாங்க, இது நிவாரண லிஸ்ட்டுக்குப் பேர் சேக்குறது இல்லைன்னு முதல்லயே சொல்லிடுங்க. தண்ணி வடிய வடிய ஆளுங்க இடம் மாறிக்கிட்டே இருப்பாங்க, அதனால ஒரு வாரத்துக்குள்ள அந்த 200ங்கற எண்ணும் 400ங்கற எண்ணும் இன்னும் சரியான்னு திரும்ப விசாரிச்சு கணக்கைத் திருத்துங்க.