சந்தா இன்வாய்ஸ் மின்னஞ்சலில் வராதபோது செய்யக்கூடாத தவறுகள்

சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஊழியர்களின் செலவுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை. மென்பொருள் சந்தாவுக்குச் சொந்த அட்டையில் பணம் கட்டிவிட்டு, "இன்வாய்ஸ் மெயிலில் வரவே இல்லை" என்று வந்து நிற்பவர்களை மாதந்தோறும் பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலானோர் இதை மின்னஞ்சல் சிக்கலாக மட்டுமே பார்க்கிறார்கள். மின்னஞ்சல் வந்து சேர்ந்தாலும் அதில் உள்ள இன்வாய்ஸ் எங்களுக்குப் பயன்படாமல் போகலாம் என்பது கடைசி நாளில்தான் அவர்களுக்குத் தெரிய வருகிறது.

கடந்த மார்ச்சில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வடிவமைப்பாளர் ஒருவர் ஒரு வரைகலைக் கருவியின் ஆண்டுச் சந்தாவைப் பயன்படுத்திவந்தார். வேலையை விட்டுச் சென்ற முந்தைய ஊழியர் தொடங்கிய கணக்கு அது; பொறுப்பேற்றபோது இவர் தம் கடன் அட்டையை அதில் பதிவு செய்துகொண்டார். மார்ச் 3 அன்று சந்தா தானாகப் புதுப்பிக்கப்பட்டு, 12,000 ரூபாயும் அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியாக 2,160 ரூபாயும் சேர்ந்து 14,160 ரூபாய் கழிந்தது. விற்ற நிறுவனம் கர்நாடகத்தில் பதிவு பெற்றது என்பதால் வரி முழுவதும் மாநிலங்களுக்கு இடையிலான விற்பனைக்குரிய ஐஜிஎஸ்டியாக விதிக்கப்பட்டிருந்தது. இன்வாய்ஸ் மட்டும் வரவில்லை.

அவர் முதலில் எங்களிடம் கொடுத்தது வங்கியிலிருந்து வந்த அறிவிப்பு. தானியங்கிப் பற்றுக்கான ரிசர்வ் வங்கி விதிகளின்படி, பணம் கழிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்கு வங்கி தகவல் அனுப்புகிறது. அதில் விற்பவரின் பெயர், தொகை, நாள் எல்லாம் இருப்பதால் பில் போலவே தோன்றும். ஆனால் அது பணம் கழியப் போகிறது என்பதற்கான அறிவிப்பு மட்டுமே. என்ன வாங்கப்பட்டது, வரி எவ்வளவு, யார் பெயரில் என்பதற்கு அது ஆதாரமாகாது. அட்டையின் மாதாந்திர அறிக்கைக்கும் இதே குறை உண்டு. இரண்டாவதாக அவர் கொடுத்த, `Receipt` என்ற தலைப்பிட்ட பக்கத்தின் திரைப்பிடிப்பும் பணம் செலுத்தப்பட்டதைத்தான் காட்டியது. அதில் விற்பவரின் ஜிஎஸ்டி எண்ணோ இன்வாய்ஸ் வரிசை எண்ணோ இல்லை. நாங்கள் திருப்பி அனுப்பினோம்; அவருக்குக் கோபம்தான்.

அதன் பிறகு அவர் செய்தது எல்லோரும் செய்வது: கணக்கின் `Billing` பக்கத்தில் இருந்த, மின்னஞ்சலை மீண்டும் அனுப்பும் பொத்தானை நான்கு நாட்களில் மூன்று முறை அழுத்திக் காத்திருந்தார். ஒவ்வொரு முறையும் "அனுப்பப்பட்டது" என்றே திரை சொன்னது. இங்கே இரண்டு விஷயங்கள் அவருக்குத் தெரியவில்லை. உள்நுழையும் மின்னஞ்சல் முகவரியும் இன்வாய்ஸ் போகும் முகவரியும் பல சேவைகளில் தனித்தனியே வைக்கப்பட்டிருக்கும். இவர் முதலாவதை மட்டும் மாற்றியிருந்தார், இரண்டாவதில் பழைய ஊழியரின் முகவரியே இருந்தது. அந்த அஞ்சல்பெட்டியை எங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவு முன்பே மூடிவிட்டது. இல்லாத முகவரிக்குப் போன அஞ்சல் ஒருமுறை திரும்பி வந்துவிட்டால், மொத்தமாக அஞ்சல் அனுப்பித் தரும் சேவைகள் அந்த முகவரியைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிடுகின்றன. அதன் பிறகு அந்த முகவரிக்கு எத்தனை முறை அனுப்பச் சொன்னாலும் அஞ்சல் அவர்களிடமிருந்து வெளியே வராது. விற்பவரின் திரைக்கு அது தெரியாமலும் போகலாம். மூடிய அஞ்சல்பெட்டியை மறுபடி திறந்தாலும் பட்டியலிலிருந்து பெயர் தானாக நீங்குவதில்லை. விற்பவரின் உதவிப் பிரிவினர் அதை நீக்க வேண்டும், அல்லது வேறு முகவரிக்கு அனுப்ப வேண்டும்.

முகவரி சரியாக இருந்தும் அஞ்சல் வராவிட்டால், குப்பை அஞ்சல் அடைவைத் திறந்து பார்ப்பதோடு நிறுத்துவதும் தவறு. ஜிமெயிலில் சாதாரணத் தேடல் குப்பை அஞ்சலையும் நீக்கப்பட்டவற்றையும் காட்டாது. தேடும்போது இப்படி இட வேண்டும்:

```
in:anywhere "14,160"
```

நிறுவனத்தின் பெயரைவிடத் தொகையைத் தேடுவது நல்லது. ஏனெனில் பல மென்பொருள் நிறுவனங்கள் தாமே பணம் வாங்குவதில்லை; பேடில் போன்ற இடைநிலை விற்பனையாளர் வழியாக விற்கின்றன, அப்போது இன்வாய்ஸும் அந்தப் பெயரிலேயே வரும். அலுவலக அஞ்சலாக இருந்தால், பயனரின் அடைவுக்கு வருவதற்கு முன்பே அஞ்சல் தடுத்து வைக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. அது உங்கள் திரையில் எங்கும் தெரியாது. அலுவலக அஞ்சலை நிர்வகிப்பவரிடம் அனுப்புநரின் பெயரையும் நாளையும் சொல்லிப் பதிவுகளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அப்பதிவுகள் நெடுங்காலம் வைத்திருக்கப்படுவதில்லை என்பதால் இதை மாதக் கடைசிக்குத் தள்ளிப்போடக் கூடாது.

உண்மையில் இவ்வளவு தேடலும் பெரும்பாலும் தேவையில்லை. இன்வாய்ஸ் விற்பவரின் அமைப்பில் உருவாகிவிட்டிருக்கும். மின்னஞ்சல் அதைப் பற்றிய தகவலைக் கொண்டுவருவது மட்டும்தான். கணக்கில் `Billing` அல்லது `Invoices` என்ற பகுதியில் பழைய கட்டணங்களின் வரிசை இருக்கும், ஒவ்வொன்றின் அருகிலும் பிடிஎஃப் கோப்பைத் தரவிறக்கும் வழி இருக்கும். குழுக் கணக்குகளில் இந்தப் பகுதி நிர்வாகி உரிமை உள்ளவருக்கு மட்டுமே தெரியும். உங்கள் திரையில் அது இல்லையென்றால் இன்வாய்ஸ் இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம். கைப்பேசியில் ஆப்பிள் வழியாகச் சந்தா கட்டியிருந்தால், செயலியை உருவாக்கியவரிடம் எவ்வளவு கேட்டாலும் கிடைக்காது, ஏனெனில் பணத்தை வாங்கியது ஆப்பிள். `reportaproblem.apple.com` தளத்தில் உங்கள் ஆப்பிள் கணக்கில் நுழைந்து எடுக்க வேண்டும்.

எங்கள் வடிவமைப்பாளர் மார்ச் 18 அன்று `Billing` பக்கத்திலிருந்தே பிடிஎஃப்பை எடுத்துவிட்டார். வரிசை எண், வரி விவரம் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் வாங்குபவர் என்ற இடத்தில் வேலையை விட்டுப்போனவரின் பெயர் இருந்தது; எங்கள் நிறுவனத்தின் பெயரோ ஜிஎஸ்டி எண்ணோ எங்கும் இல்லை.

கணக்குப் பிரிவு பிடிவாதம் பிடிக்கிறது என்று ஊழியர்கள் நினைப்பது இந்த இடத்தில்தான், ஆகவே காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள, அதாவது தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, விற்பவர் தம் விற்பனைகளைக் காட்டும் மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் எங்கள் ஜிஎஸ்டி எண்ணுக்கு எதிரே அந்த இன்வாய்ஸைக் காட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் அது நாங்கள் வாங்கியவற்றைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் வந்து சேரும். எண் இல்லாத இன்வாய்ஸைத் தனிநபருக்கு விற்றதாகவே அவர் காட்டுவார், எங்களுக்கு 2,160 ரூபாய் வரவு கிடைக்காது. சில நிறுவனங்கள் அந்த நிலையில் 12,000 ரூபாயை மட்டும் ஊழியருக்குத் தருகின்றன. அது நியாயமா என்பது வேறு கேள்வி. எனக்கு அதில் உடன்பாடில்லை.

விவரம் தவறாக இருப்பதைக் கண்டவுடன் பலர் செய்வது, கணக்கின் அமைப்புகளில் நிறுவனப் பெயரையும் எண்ணையும் சேர்த்துவிட்டு அதே இன்வாய்ஸை மறுபடி தரவிறக்குவது. பெரும்பாலான கட்டண அமைப்புகளில் இன்வாய்ஸ் இறுதியாக்கப்பட்டதும் அதிலுள்ள விவரங்கள் உறைந்துவிடும். நீங்கள் சேர்த்தது அடுத்த புதுப்பித்தலுக்குத்தான் பொருந்தும். ஆண்டுச் சந்தாவில் அது அடுத்த மார்ச். நடந்து முடிந்த கட்டணத்துக்கு உதவிப் பிரிவுக்கு எழுதித் திருத்தம் கேட்பதே வழி.

அந்தக் கடிதத்தில் "இன்வாய்ஸ் வரவில்லை, அனுப்பவும்" என்று மட்டும் எழுதினால், உள்ள இன்வாய்ஸையே மறுபடி அனுப்புவார்கள், அதற்குள் ஒரு வாரம் போயிருக்கும். கேட்பது இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்க வேண்டும்: இன்வாய்ஸ் இந்த முகவரிக்கு வர வேண்டும், அதில் வாங்குபவர் விவரம் இப்படி இருக்க வேண்டும் என்று. கணக்கின் மின்னஞ்சல், இன்வாய்ஸ் எண், பணம் கழிந்த நாள், தொகை, அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள், ஜிஎஸ்டி பதிவில் உள்ளபடி நிறுவனத்தின் முழுப் பெயர், முகவரி, 15 இலக்க எண் ஆகியவை போதும். எண்ணை மனப்பாடமாக எழுத வேண்டாம். பல மாநிலங்களில் பதிவு உள்ள நிறுவனத்துக்கு மாநிலத்துக்கு ஒன்றாக எண்கள் இருக்கும், தமிழ்நாட்டினுடையது 33 என்று தொடங்கும். அட்டையின் முழு எண்ணை யார் கேட்டாலும் தரத் தேவையில்லை.

நாள் முக்கியம். மாதந்தோறும் தாக்கல் செய்யும் நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் கடைசி நாள் அடுத்த மாதம் 11. மார்ச்சில் நடந்த விற்பனையை விற்பவர் ஏப்ரல் 11-க்குள் காட்டிவிடுவார். அதற்கு முன்பு திருத்தம் கேட்டால் அவருக்கு எளிது; பிறகு கேட்டால், தாக்கல் செய்ததைத் திருத்த வேண்டியிருப்பதால் தயங்குவார் அல்லது மறுத்துவிடுவார்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக விற்கும் சேவைகளில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து வாங்கினால் அவர்கள் வரி வாங்க மாட்டார்கள். நிறுவனமே எதிர்முறை வரியாக அரசுக்குச் செலுத்திக்கொள்ள வேண்டும். ஆகவே வரி இல்லாத இன்வாய்ஸைப் பார்த்து "ஜிஎஸ்டி பில் கொடுங்கள்" என்று அவர்களிடம் மல்லுக்கு நிற்பது வீண். எண் கொடுக்காமல் தனிநபராக வாங்கினால்தான் 18 விழுக்காடு சேரும், அது நிறுவனத்துக்குத் திரும்பக் கிடைக்காது.

இன்வாய்ஸ் கைக்கு வருவதற்கு முன் சந்தாவை ரத்து செய்வதோடு கணக்கையே அழித்துவிடுபவர்களும் உண்டு. கணக்கு போனால் தரவிறக்கும் பக்கமும் போய்விடும். பிடிஎஃப்பில் பெயரைத் தாமே மாற்றிக் கொண்டுவருபவர்களையும் பார்த்திருக்கிறேன். ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு ஒப்பிடும்போது அது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும், பிறகு பேச்சு கணக்குப் பிரிவைத் தாண்டி மனிதவளப் பிரிவுக்குப் போய்விடும்.

வடிவமைப்பாளரின் கடிதம் மார்ச் 19 அன்று போனது. ஐந்து நாளில் திருத்திய இன்வாய்ஸ் அவருடைய சொந்த அலுவலக முகவரிக்கு வந்தது, ஏப்ரல் சம்பளத்தோடு 14,160 ரூபாயும் கிடைத்தது. இப்போது அந்தக் கணக்கில் இன்வாய்ஸ் போகும் இடத்தில், ஒருவர் விலகினாலும் மூடப்படாத எங்கள் பிரிவின் பொது முகவரி இருக்கிறது.