ஆங்கிலம் வழியாக ஜூல் வெர்ன்: மொழிபெயர்ப்பாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சு மொழி அறியாத ஒருவர் ஜூல் வெர்னின் நாவலைத் தமிழாக்க முனையும்போது, பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கிலப் பிரதியை எடுத்துக்கொள்கிறார். முதல் தவறு இங்கேயே நேர்ந்துவிடுகிறது. காப்புரிமை முடிந்த ஆங்கில மொழிபெயர்ப்புகளில் பல பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்தக் காலத்து ஆங்கிலப் பதிப்புகளில் வெர்னைச் சுருக்குவதும் திருத்துவதும் சாதாரணமாக நடந்தன.

‘மர்மத் தீவு’ நாவலை எடுத்துக்கொள்வோம். அதன் இறுதிப் பகுதியில்தான் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவரான கேப்டன் நெமோ உண்மையில் யார் என்பது வெளிப்படுகிறது: அவர் புந்தேல்கண்ட் அரசரின் மகன், திப்பு சாகிபின் உறவினர், இளவரசர் டக்கார். 1857ஆம் ஆண்டுச் சிப்பாய்க் கிளர்ச்சிக்கு அவரே உயிராக இருந்தார் என்றும், அந்தப் பெரும் எழுச்சியை அவரே ஒருங்கிணைத்தார் என்றும் வெர்ன் எழுதுகிறார். கிங்ஸ்டன் பெயரில் 1875இல் வெளிவந்த ஆங்கிலப் பதிப்பிலோ டக்கார் தம் பேராசையால் கிளர்ச்சிக்குள் எளிதாக இழுக்கப்பட்டவராகிறார். இந்திய மக்கள் அறியாமையாலும் மூடநம்பிக்கையாலும் தலைவர்களின் கைக்கருவிகளானார்கள் என்றும், ஆங்கில ஆட்சி நாட்டுக்கு அமைதியும் வளமும் தந்தது என்றும் வெர்ன் எழுதாத வரிகள் நுழைகின்றன. இந்தப் பதிப்பிலிருந்து தமிழாக்குபவர், ஓர் இந்திய இளவரசனைப் பற்றி அக்காலத்து ஆங்கிலேயர் சொல்ல விரும்பியதை, வெர்னின் பெயரிலேயே இந்திய வாசகரிடம் சேர்க்கிறார். ஆங்கில நடை சரளமாக ஓடுவதால் அங்கே எதுவும் இடறாது; பிரெஞ்சு மூலத்துடன் ஒப்பிட்டாலன்றி இது பிடிபடாது என்பதே இதன் பெரிய ஆபத்து.

சில பிழைகள் தாமே காட்டிக்கொடுக்கும். லூயிஸ் மெர்சியர் மொழிபெயர்ப்பில் வந்த, ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ என்ற ஆழ்கடல் பயண நாவலின் பழைய ஆங்கிலப் பதிப்பில், கடலடியில் நடக்கப் புறப்படுபவர்கள் தக்கையாலான மேற்சட்டை அணிவதாக ஓரிடம் வருகிறது. மூலத்தில் இருப்பது நீர்மூழ்குபவர் அணியும் கவச உடை. தக்கை மனிதனை மிதக்க வைக்குமே தவிர, கடலடியில் நடக்க விடாது. இப்படிப் பொருள் பொருந்தாத இடத்தில், தாமாகவே ஒரு விளக்கம் கற்பித்துக்கொண்டு தமிழில் சமன்செய்துவிடுவது இரண்டாவது தவறு. அந்த இடறலே மூலத்தைத் தேடச் சொல்லும் அடையாளம். இதே பதிப்பு மூலத்தின் கணிசமான பகுதியையும் வெட்டியிருக்கிறது.

தமிழில் எளிதாக வரக்கூடியதை ஆங்கிலத்தால் இழப்பது மூன்றாவது. இந்த நாவலில் கதையைச் சொல்லும் பேராசிரியரின் பணியாளரான கொன்சேய், தம் எஜமானரை ஒருபோதும் நேராக முன்னிலையில் விளிப்பதில்லை. அவரைப் படர்க்கையில் வைத்தே பேசுகிறார். ‘ஐயா என்னைக் கூப்பிட்டார்களா?’ என்று தமிழில் கேட்பதற்கு மிக நெருக்கமான வழக்கு அது. மெர்சியரின் ஆங்கிலத்தில் இந்தக் கேள்வி வெறும் முன்னிலைக் கேள்வியாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், கொன்சேய் படர்க்கையில்தான் பேசுவார், அது சில நேரம் எரிச்சலூட்டும் என்று பேராசிரியர் சொல்லும் வரி மட்டும் அதே பதிப்பில் அப்படியே இருக்கிறது. வரியையும் உரையாடலையும் சேர்த்து வாசிப்பவருக்கு, மூலத்தில் வேறேதோ இருக்கிறது என்பது புரிந்துவிடும். பொதுவாகவே பிரெஞ்சில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் அது ஒரே சொல்லாகிவிடுவதால், தமிழில் எதைப் போடுவது என்பதை ஊகத்துக்கு விடாமல் மூலத்தின் உரையாடல் வரிகளை மட்டுமாவது பார்த்துக்கொள்வது நல்லது.

அளவுகளிலும் இதே சிக்கல் உண்டு. இருபதாயிரம் லீக் என்பது பயணத்தின் தூரம், கடலின் ஆழமன்று. வெர்ன் கணக்கிடும் பிரெஞ்சு லீக் 4 கிலோமீட்டர். ஆகவே மொத்தம் 80,000 கிலோமீட்டர். மூன்று மைல் கொண்ட ஆங்கில லீக்காக எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 96,500 கிலோமீட்டராகிவிடும். பெயர்களிலும் ஆங்கில உச்சரிப்பே நமக்குப் பழகிவிட்டது. நாம் சொல்லிவரும் ‘ஜூல்ஸ்’ என்பதில் உள்ள கடைசி ஸகர ஒலி பிரெஞ்சில் இல்லை.

பிரெஞ்சு தெரியாதவர் வெர்னைத் தொடவே கூடாது என்பதன்று. ஆழ்கடல் நாவலுக்கு எஃப். பி. வால்டரின் முழுமையான மொழிபெயர்ப்பும் இலவசமாகவே கிடைக்கிறது. ‘மர்மத் தீவு’க்கு 2001இல் ஜோர்டன் ஸ்டம்ப், சிட்னி கிராவிட்ஸ் ஆகியோரின் புதிய ஆங்கிலப் பதிப்புகள் வெளிவந்தன. வேலையைத் தொடங்கும் முன் இரண்டு ஆங்கிலப் பதிப்புகளையும் பிரெஞ்சுப் பிரதியையும் அருகருகே திறந்து, ஓர் அத்தியாயத்தின் பத்திகளை எண்ணிப் பாருங்கள். பத்திகள் பெருமளவு குறைந்திருந்தால் அந்தப் பதிப்பை ஒதுக்கிவிடலாம். எண்கள், பெயர்கள், அரசியல் பேச்சுகள் ஆகிய இடங்களில் பதிப்புகள் முரண்பட்டால், அந்த வரிகளை மட்டும் பிரெஞ்சு அறிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்கலாம். எந்த ஆங்கிலப் பதிப்பிலிருந்து, யாருடைய மொழிபெயர்ப்பிலிருந்து தமிழாக்கப்பட்டது என்பதையும் நூலின் முன்பக்கத்தில் அச்சிட வேண்டும். ‘பிரெஞ்சிலிருந்து’ என்று மட்டும் போடுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.