கார்ட்டைத் துழாவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் எங்களிடம் டெஸ்டிங் பழக வரும் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு கருவாட்டுக் கடையின் இணையத்தளத்தைக் கொடுத்து, வாங்கும் பொருட்களைச் சேர்க்கும் கார்ட்டைத் துழாவிச் சோதிக்கச் சொல்லியிருக்கிறோம். படிப்படியாக எழுதிய டெஸ்ட் கேஸ் எதுவும் இல்லை. எதைத் தேடப்போகிறோம் என்று ஓரிரு வரியில் சொல்லும் சார்ட்டர் ஒன்று, தடங்கல் இல்லாத 90 நிமிடம், ஒரு கொப்பி, அவ்வளவுதான். ஜேம்ஸ் பாக், ஜோனதன் பாக் சகோதரர்கள் 2000ஆம் ஆண்டளவில் ஒழுங்குபடுத்திய செஷன் முறை இது. ஒரு காலத்தில் நாங்கள் விட்ட அதே பிழைகளைத்தான் இந்தப் பிள்ளைகளும் விடுகிறார்கள். ஸ்கிரீன்ஷொட் எடுக்க மறப்பது போன்றவை தானாகத் திருந்தும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

"கார்ட்டைச் சோதிக்கவும்" என்று சார்ட்டர் எழுதுவது

இப்படி எழுதினால் செஷன் முடிவில் எதைப் பார்த்தோம், எதை விட்டோம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காக "மூன்று பக்கெட் போட்டு, கூப்பன் அடித்து, தொகையைப் பார்" என்று இறுக்கினால் துழாவ இடமில்லை, அது டெஸ்ட் கேஸ் ஆகிவிடும். எங்கள் சார்ட்டர் இது: "கூப்பன் போட்ட கார்ட்டில் எண்ணிக்கையையும் லாகின் நிலையையும் மாற்றி மாற்றி, தள்ளுபடி எங்கே பிழைக்கிறது என்று தேடு."

எல்லாம் முடிந்த பிறகு குறிப்பு எழுதுவது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது. கேட்டால், "எல்லாம் ஞாபகம் இருக்கு அண்ணா" என்பார்கள்.

அந்தக் கடையில் ஒரு பக்கெட் 1,850 ரூபா. 5,000 ரூபாவுக்கு மேல் வாங்கினால்தான் 10 சதவீதக் கூப்பன் செல்லும். ஒரு தம்பி செஷன் முடிந்து ஆறுதலாக எழுதிய குறிப்பு: "கூப்பன் போட்டு எண்ணிக்கையைக் குறைத்தேன். தள்ளுபடி போகவில்லை. தொகை 1,295." டெவலப்பர் அதையே செய்து பார்த்தார். ஒரு பக்கெட்டாகக் குறைத்ததும் கூப்பன் ஒழுங்காகக் கழன்றது, தொகை 1,850. "எனக்கு வரவில்லையே" என்று பக்கை மூடிவிட்டார். தம்பிக்கும் திரும்ப வரவைக்கத் தெரியவில்லை. பக் அப்படியே நேரடித் தளத்துக்குப் போனது, கடைக்காரர் சில ஓடர்களில் நட்டப்பட்டார்.

பிறகு ஒரு தங்கச்சி அதே சார்ட்டரை எடுத்தாள். அவள் செய்யச் செய்ய எழுதுகிறவள்:

10:12 லாகின் இல்லை. 3 பக்கெட், 5,550. கூப்பன் போட்டேன், தள்ளுபடி 555. சரி.
10:16 லாகின் செய்தேன். கணக்கில் பழைய 1 பக்கெட் இருந்திருக்கிறது, இப்போது 4. மொத்தம் 7,400, தள்ளுபடி இன்னும் 555. 740 வரவேண்டாமா?
10:19 ஒன்றாகக் குறைத்தேன். 1,295!

விஷயம் 10:16இல் இருக்கிறது. லாகின் செய்யும்போது விருந்தினர் கார்ட்டும் கணக்கின் பழைய கார்ட்டும் ஒன்றாகின்றன. அந்த இடத்தில் கூப்பனின் விதி தொலைந்து, 555 என்ற தொகை மட்டும் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு மொத்தம் எவ்வளவு இறங்கினாலும் அது கழன்று போகாது. டெவலப்பர் முதலிலேயே லாகின் செய்துவிட்டுப் பார்த்ததால் அவருக்கு அது வரவே இல்லை.

தம்பியும் லாகின் செய்துதான் இருக்கிறார். ஆனால் பின்னால் யோசித்து எழுதும்போது அது ஒரு செயலாகவே அவருக்குத் தோன்றவில்லை. ஞாபகம் பக்கை வைத்துக்கொண்டு, அதற்கு வழிவிட்ட சாதாரணப் படியைக் கழித்துவிடும். 740 வரவேண்டாமா என்ற சந்தேகமும் அந்த நிமிடத்தில் எழுதினால்தான் மிஞ்சும். அரை மணித்தியாலம் கழித்து அது "கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது" என்று சுருங்கிவிடும்.

அதனால் ஒவ்வொரு வரியிலும் நேரம், செய்தது, திரையில் வந்த எண், சந்தேகம் இருந்தால் ஒரு கேள்விக்குறி. வசனம் அழகாக இருக்கத் தேவையில்லை. ஆனால் லாகின், டேப் மாற்றம், ரிஃப்ரெஷ், பின்னால் போகும் பொத்தான் ஆகிய நான்கையும் ஒருபோதும் விடாதீர்கள். கார்ட்டின் நிலை பெரும்பாலும் மாறுவது அங்கேதான்.

வழியில் கண்டதையெல்லாம் துரத்துவது

கூப்பனைப் பார்க்கும்போது மூதூருக்கான டெலிவரிக் கட்டணம் பிழையாகத் தெரிந்தால் ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்புங்கள். அது அடுத்த சார்ட்டர். பணமே தவறாகக் கழிகிறது என்றால் மட்டும் விதிவிலக்கு: சார்ட்டரை விட்டுவிட்டு அதைப் பாருங்கள், விட்டதையும் எழுதுங்கள்.

90 நிமிடத்தைத் தாண்டுவது

நிறுத்துங்கள்.

கதைக்காமல் எழும்பிப் போவது

செஷன் முடிந்ததும் கொப்பியோடு வந்து பத்து நிமிடம் கதையுங்கள். நான் முதலில் கேட்பது எத்தனை பக் என்றல்ல. தேடுவதற்கு எவ்வளவு நேரம் போனது, பக்கை ஆராய்ந்து எழுத எவ்வளவு, டெஸ்ட் கணக்குத் திறப்பது போன்ற ஆயத்தத்துக்கு எவ்வளவு என்றுதான் கேட்பேன். ஆயத்தம் பாதி நேரத்தைத் தின்றிருந்தால் அந்தச் சார்ட்டரை இன்னொரு முறை ஓட்ட வேண்டும்.

கரண்ட் போனால் செஷனைத் தூக்கி எறிவது

நேரத்தைக் குறித்துவிட்டு இருங்கள். வந்ததும் கார்ட்டில் என்ன மிஞ்சியிருக்கிறது, கூப்பன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாடிக்கையாளர் வீட்டிலும் கரண்ட் போகும்.