குடும்பப் படத்தில் ஒரே ஒரு சட்டையின் நிறத்தை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுபதாம் கல்யாணப் படம். எல்லோரும் சந்தன நிறத்திலும் கரும்பச்சையிலும் நிற்க, சித்தப்பா மட்டும் பளிச்சென்ற சிவப்புச் சட்டையில், இடுப்பில் வெள்ளை கவுன் போட்ட குழந்தையோடு. "அவர் சட்டையை மட்டும் மாத்திக் கொடுங்க தம்பி" என்பார்கள். ஃபோட்டோஷாப்பில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் பாதிப் பேர் முதல் முடிவிலேயே சறுக்கிவிடுகிறார்கள்.

சந்தனமா, கரும்பச்சையா என்பதுதான் அந்த முடிவு. துணியின் நிறத்தை மாற்றுவது எளிது. அதன் வெளிச்ச அளவை மாற்றுவது கடினம். Black & White லேயர் ஒன்றை மேலே போட்டுப் பாருங்கள். சிவப்புச் சட்டை அடர்ந்த சாம்பலாகத் தெரியும், சந்தனப் புடவை ஏறக்குறைய வெள்ளையாகத் தெரியும். அவ்வளவு தூரம் வெளுக்க வைத்தால் மடிப்புகள் அழுக்குப் படிந்தாற்போல் ஆகி, புள்ளி புள்ளியாய் இரைச்சல் எழும்பும். கரும்பச்சை என்றால் Curves-இல் கொஞ்சம் இருட்டாக்கினால் போதும். வாடிக்கையாளர் சந்தனம்தான் வேண்டும் என்றாலும், பச்சைக்குச் சம்மதிக்க வைப்பதே நல்லது.

அடுத்து, Hue/Saturation-இல் Reds-ஐத் தேர்ந்து மொத்தப் படத்துக்கும் இழுப்பது. சட்டை பச்சையாகும், கூடவே அத்தையின் குங்குமமும் எல்லோருடைய உதடுகளும் பச்சையாகும். சட்டையை மட்டும் தேர்வு செய்து மாஸ்க் போட்டபிறகே நிறத்தைத் தொட வேண்டும். 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கைமடிப்பின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே மெல்லிய சிவப்புக் கோடு மிஞ்சியிருந்தால் அச்சில் கட்டாயம் தெரியும்.

பச்சையை இணையத்து வண்ண அட்டையிலிருந்து எடுக்காதீர்கள். அதே வெளிச்சத்தில் நிற்கும் இன்னொருவரின் பச்சைத் துணியில், நிழலும் மினுமினுப்பும் இல்லாத இடத்தில் எடுங்கள். அதை Solid Color லேயராக வைத்து, பிளெண்ட் மோடை Color ஆக்குங்கள். நிறம் தூக்கலாகத் தெரிந்தால் Opacity-ஐக் குறைக்கத்தான் கை போகும். அப்படிக் குறைத்தால் அடியிலிருக்கும் சிவப்பு எட்டிப்பார்த்து, பச்சையோடு கலந்து சேற்று நிறமாகிவிடும். Opacity 100-லேயே இருக்கட்டும். லேயரில் நிரப்பிய பச்சையின் அடர்த்தியைக் குறையுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் படம் ஏனோ ஒட்டுப்போட்டதுபோல் இருக்கிறதா? சித்தப்பாவின் தாடைக்கு அடியில் பாருங்கள். சிவப்புத் துணியில் பட்ட வெளிச்சம் தெறித்து அங்கே சிவப்புச் சாயல் ஏறியிருக்கும். முழங்கையின் உட்பக்கத்திலும், சட்டையோடு ஒட்டிய குழந்தையின் கவுனிலும் அதே சாயல். சட்டை மாறியும் அதன் எதிரொளி மாறவில்லை என்பதைக் கண் உடனே பிடித்துவிடும். புது லேயரை Color மோடில் திறந்து, அவர் நெற்றியின் தோல் நிறத்தை எடுத்து, 20 சதவீத பிரஷ்ஷால் தாடையில் மெல்லத் தடவுங்கள். கவுனில் நிறம் ஏற்ற வேண்டாம், சிவப்பைக் குறைத்தாலே போதும்.

சாதாரண பருத்திச் சட்டைக்கு இது போதும். மயில்கழுத்துப் பட்டு போலப் பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறு நிறமுமாக நெய்த புடவை என்றால் கதை வேறு. ஒற்றை நிறம் போட்டால் அந்த இரட்டை மினுக்கம் செத்துவிடும், சரிகையைத் தனியே காப்பாற்றினாலும் பாலியெஸ்டர் போலத்தான் தெரியும். அதற்கு நான் ஒத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் நிற்பவரின் சாதாரணச் சட்டையை அந்தப் பட்டுக்குத் தக்கபடி மாற்றித் தருகிறேன் என்றுதான் சொல்வேன்.