புட்டியின் முன்பக்கம் சொல்லாததைப் பின்பக்கத்தில் படித்தேன்

இரண்டு மக்னீசியம் புட்டிகளில் எதை வாங்குவது என்ற குழப்பம். ஒன்றின் முன்பக்கத்தில் 400 மி.கி., மற்றதில் 200 மி.கி. முதலாவதுதான் வலுவானது என்று தோன்றும். பின்பக்க அட்டவணையைத் திருப்பிப் பார்த்ததும் கதை மாறியது. முதல் புட்டியில் ஒரு வேளை அளவு என்பது 4 காப்சூல். அப்படியென்றால் ஒரு காப்சூலில் 100 மி.கி.தான், 60 காப்சூல் புட்டி 15 வேளைக்குத்தான் வரும். மற்றதில் ஒரே காப்சூலில் 200.

முதல் புட்டியில் 400 மி.கி.க்குப் பக்கத்தில் 95% என்று இருந்தது. அமெரிக்க லேபிள்களில் மக்னீசியத்துக்கான தினசரி மதிப்பு 420 மி.கி.; 400-ஐ அதனால் வகுத்தால் 95 வரும். அதுவும் நான்கையும் விழுங்கினால்தான். உணவில் கிடைப்பது இந்தக் கணக்கில் சேராது.

அப்புறம் கீழே ‘தனியுரிமைக் கலவை 600 மி.கி.’ என்று மூன்று மூலிகைகள். கலவையின் மொத்த எடை மட்டும் போட்டால் போதும், தனித்தனி அளவு தர வேண்டியதில்லை. ஆனால் எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசைப்படுத்த வேண்டும். அதை வைத்து ஓரளவு கணக்குப் போடலாம்: மூன்றாவது மூலிகை 200 மி.கி.யைத் தாண்டவே முடியாது, 2 மி.கி.யாகக்கூட இருக்கலாம். நான் தேடியது அந்த மூன்றாவதைத்தான். சதவீதக் கட்டத்தில் வெறும் குறியீடு. தினசரி மதிப்பு வகுக்கப்படவில்லை என்று அர்த்தம்.

சரி, கலவை இல்லாத இரண்டாவது புட்டியையே எடுத்துக்கொண்டேன்.